நாலரை இஞ்ச் சுவரில் கன்சீல்ட் டேங்க் வேண்டாம் என்று முடிவு செய்தது

நாகர்கோவிலில் எங்கள் வீட்டுப் பாத்ரூம் நாலுக்கு ஆறு அடி. புதுப்பிக்கும்போது, ஃப்ளஷ் தொட்டியைச் சுவருக்குள் மறைத்து வைக்கும் கன்சீல்ட் டேங்க் வைத்தால் இடம் மிச்சம் என்று மகன் சொன்னான். சரி என்று சுவரை அளந்தோம்: பூச்சோடு சேர்த்து ஐந்து இஞ்ச்தான், அந்தப் பக்கம் படுக்கையறை.

மெல்லிய கன்சீல்ட் டேங்குக்கே மூன்றேகால் இஞ்ச் ஆழம் வேண்டும். அவ்வளவு கொத்தினால் செங்கல்லில் மிஞ்சுவது வெறும் ஓடு, படுக்கையறைப் பூச்சு வெடிக்கும். கொத்தாமல் முன்னால் தனிச் சுவர் எழுப்பினால் ஆறு இஞ்சாவது போய்விடும். வெளியே மாட்டும் டேங்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் நீட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் மிச்சம் எங்கே? ஒன்பது இஞ்ச் சுவர் என்றால் கதை வேறு.

இன்னொன்று, எங்கள் போர் தண்ணீரில் இரும்புக் கறை அதிகம். கறை படிந்தால் டேங்கின் அடி வாஷர் சரியாக உட்காராது, கழிப்பறைக் கோப்பையில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க டேங்கில் கொஞ்சம் நீலம் கலந்து, ஃப்ளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் விடுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் வாஷர்தான். கன்சீல்ட் டேங்கிலும் பட்டன் தட்டைக் கழற்றி இதைச் சரிசெய்யலாம், ஆனால் உள்ளங்கை அகல ஓட்டை வழியாகத்தான். அந்தக் கம்பெனி உதிரியும் கிடைக்க வேண்டும்.

அதனால் வெளியே மாட்டும் மூன்று, ஆறு லிட்டர் இரட்டை ஃப்ளஷ் டேங்கே வைத்தோம். மூடியைத் தூக்கி வாஷரை நானே துடைத்துப் போடுகிறேன்.