பாதியில் நின்ற ஃபர்ம்வேர் அப்டேட்: இயர்பட்ஸை மீட்டெடுத்த அனுபவம்

அப்டேட் பாதியில் நின்றதும் என் இயர்பட்ஸைச் செயலி கண்டறியவே இல்லை. ஆனால் போனின் புளூடூத் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. இணைத்தால் வலது பக்கம் மட்டும் பாடியது. பட்ஸ் செத்துவிடவில்லை என்பதற்கு அதுவே போதுமான சான்று. புதிய ஃபர்ம்வேரைத் தனி இடத்தில் எழுதி, முழுமையாக வந்ததைச் சரிபார்த்த பிறகே பழையதை விட்டு மாறும் வகையில் பல மாடல்கள் அமைக்கப்பட்டிருப்பதால், பாதியில் நின்றாலும் பழையது பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் புதியதற்கு மாறிவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் போகலாம். எனக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் இரண்டையும் கேஸில் வைத்து முழுமையாக சார்ஜ் செய்தேன். பிறகு போனில் பழைய இணைப்பை Forget கொடுத்து நீக்கினேன். முன்பு இணைத்திருந்த மடிக்கணினியின் புளூடூத்தையும் அணைத்தேன். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பட்ஸோ ரகசியமாக அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. செயலியின் சேமிப்பை அழித்து, Nearby devices அனுமதியை மீண்டும் வழங்கினேன். அடுத்து, கையேட்டில் சொன்னபடி, மூடி திறந்த நிலையில் கேஸின் பொத்தானை விளக்கு நிறம் மாறும்வரை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தேன். போனின் அமைப்புகளில் இணைத்து, இரு பக்கமும் ஒலிப்பதை உறுதிசெய்த பின்னரே செயலியைத் திறந்தேன். அது உடனே கண்டறிந்து, அப்டேட்டை மறுபடி கேட்டது. இம்முறை மூடியைத் திறந்தே வைத்து, போனை அருகிலேயே விட்டுவிட்டேன்.

முழுமையாக சார்ஜ் செய்தும் ரீசெட்டுக்கு ஒரு பக்கம் எவ்வித அசைவும் காட்டாவிட்டால், இவ்வழி உதவாது. சேவை மையத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.