வேலைக்குப் போகிறவர்களுக்கு கோர்ஸ் விற்கும் மெயில்கள்: எங்கே தவறுகிறது?

ஆன்லைன் கோர்ஸ் ஒன்றை அறிமுகப்படுத்தும் மெயில் வரிசையில் பெரும்பாலானவர்கள் எழுத்தைத்தான் திருத்தித் திருத்திப் பார்க்கிறார்கள். நான் பார்த்தவரை, முதலில் தவறுவது தேதி.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர்களுக்கு ஆறு வார எக்ஸெல் வகுப்பு, சனிக்கிழமை காலை, கட்டணம் 12,000 ரூபாய். சேர்க்கையை 5-ஆம் தேதி திறந்து 11-ஆம் தேதி மூடுகிறார் ஆசிரியர். 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்டக் கடைசி நாள். 11-ஆம் தேதி, விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள். வாங்க வேண்டியவர் அந்த வாரம் முழுக்கத் தலை நிமிர முடியாமல் இருக்கிறார். மெயிலில் என்ன எழுதியிருந்தாலும் அதைப் படிக்க அவருக்கு நேரமில்லை.

20-ஆம் தேதி, வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் முடிந்ததும் மூச்சு விடுவார். ஆகவே 23-இல் திறந்து அடுத்த மாதம் 2-ஆம் தேதி இரவு மூடலாம். சம்பளம் வரும் நாளும் அதற்குள் வந்துவிடும். மாதக் கணக்கை முடிக்கும் 30, 31 தேதிகளில் மெயில் வேண்டாம். ஆண்டுக் கணக்கு முடியும் மார்ச்சையும், வரித் தணிக்கை நெருக்கும் செப்டம்பரையும் மொத்தமாக விட்டுவிடுங்கள். செவிலியர், ஆசிரியர், ஐடி ஊழியர் என்று யாருக்கு விற்றாலும், அவர்களுடைய மாதத்தை இப்படி எழுதி வைத்துக்கொண்டுதான் முதல் மெயிலைத் தொட வேண்டும்.

அடுத்த தவறு, எல்லா மெயிலும் படிப்பவரை மட்டுமே சம்மதிக்கவைக்கப் பார்ப்பது. வேலையில் இருப்பவர் பல நேரம் தனியாக முடிவெடுப்பதில்லை. கம்பெனி பணம் தருமா என்று மேலாளரிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு அவர் கையில் என்ன கொடுத்தீர்கள்? 25-ஆம் தேதி மெயிலை அதற்கென்றே ஒதுக்குங்கள். அப்படியே மேலாளருக்கு அனுப்பக்கூடிய பத்து வரிக் கடிதம்: வகுப்பு என்ன, அலுவலக நேரத்தைத் தொடாது, முடிந்ததும் எந்த மாதாந்திர ரிப்போர்ட்டை இவரே தயாரிப்பார், மொத்தக் கட்டணம் வரியோடு எவ்வளவு. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால், கம்பெனியின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் போட்ட பில் வேண்டுமா என்று பணம் கட்டும் பக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால், பெயரை மாற்றித் தரச் சொல்லிப் பிறகு அலைவார்கள். மூன்று நாளில் மூடும் சேர்க்கை இவர்களுக்கு ஆகவே ஆகாது. அனுமதிக் கடிதம் மேசை தாண்டி வரவே ஒரு வாரம் பிடிக்கும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மூன்றாவது தவறு. பணம் கட்டிச் சேர்ந்தவருக்கே ‘இன்னும் சேரவில்லையா?’ என்று மெயில் போவது. நம்பி வந்தவரை அது அவமதிக்கிறது. பணம் வந்த உடனே அந்த முகவரிக்கு ‘சேர்ந்தவர்’ என்று டேக் விழ வேண்டும், விற்பனை மெயில் ஒவ்வொன்றும் அந்த டேக்கை விலக்கித்தான் போக வேண்டும். சேர்க்கையைத் திறப்பதற்கு முன்பு உங்கள் சொந்த முகவரியில் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அடுத்த விற்பனை மெயில் உங்களுக்கு வந்தால், பணம் கட்டும் பக்கத்துக்கும் மெயில் லிஸ்டுக்கும் இடையிலான இணைப்பு வேலை செய்யவில்லை. 2-ஆம் தேதி மூடுவதாகச் சொல்லி 5 வரை நீட்டிப்பதும் இதே வகைதான். சொன்ன தேதியை நம்பி முந்திக் கட்டியவர் அடுத்த முறை நம்பமாட்டார்.

எண்களைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, ஆள் திறக்காவிட்டாலும் மெயிலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. படம் இறங்கினாலே உங்கள் கணக்கில் அது ‘திறந்தார்’ என்று பதிவாகும். திறக்காதவர்களுக்கு மட்டும் மறுபடி அனுப்புகிறேன் என்று பிரித்தால், படிக்காத பலர் விடுபடுவார்கள். அலுவலக முகவரிகளில் லிங்க் அழுத்தியதும்கூட நிச்சயமில்லை. பல கம்பெனிகளில் பாதுகாப்பு மென்பொருளே எல்லா லிங்க்கையும் அழுத்திச் சோதிக்கும். மெயில் போன ஒரே நிமிடத்தில் அடிக்குறிப்பு உட்பட எல்லா லிங்க்கும் அழுத்தப்பட்டிருந்தால் அது மனிதர் இல்லை. பதில் மெயிலும் பணமும்தான் நம்பத்தக்கவை. பதிவுப் படிவத்திலேயே சொந்த முகவரி கேட்பது இன்னும் நல்லது.

வேண்டாதவர்களுக்கு வழி விடாததும் அடி கொடுக்கும். கூகுள் 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக அனுப்புபவர்களின் ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது. ஆயிரம் பேரில் மூன்று பேர் போதும். 21-ஆம் தேதி முன்னறிவிப்பு மெயிலிலேயே ‘இந்த வகுப்பு பற்றி மட்டும் மெயில் வேண்டாம்’ என்று ஒரு லிங்க் வையுங்கள். லிஸ்டில் இருப்பார்கள், எரிச்சலில் ஸ்பாமை அழுத்தமாட்டார்கள்.

கடைசி நாளில் இரண்டு மெயில் போதும்: காலையில் ஒன்று, வீட்டுக்கு வந்து போனைப் பார்க்கும் இரவு 8 மணிக்கு ஒன்று. 4-ஆம் தேதி, சேராதவர்களுக்கு ஒரே வரி: ‘எது தடுத்தது?’ அது பதில் போட முடியாத முகவரியிலிருந்து போகக்கூடாது. வரும் பதில்களில் ‘மேலாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை’ என்பதே அதிகம் இருந்தால், அடுத்த பேட்சுக்கு அந்த 25-ஆம் தேதி மெயிலை 23-க்குக் கொண்டுவாருங்கள்.