கேமில் நிறக்குருடு மோட்: ஃபில்டர் போட்டுவிட்டால் முடிந்ததா?

ஒரு பபிள் ஷூட்டர் கேமை எடுத்துக்கொள்வோம். ஆறு நிறக் குமிழ்கள். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் வெடிக்கும். சிவப்புக்கு #E53935, பச்சைக்கு #43A047 என்று கூகுளின் மெட்டீரியல் வண்ணப் பட்டியலில் இருந்து எடுத்திருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த இரண்டின் வெளிச்ச அளவைக் கணக்கிட்டால் விகிதம் சுமார் 1.3:1 மட்டுமே. இணைய அணுகல்தன்மைக்கான WCAG வழிகாட்டி, முக்கியமான வடிவங்களை அடையாளம் காண 3:1 கேட்கிறது. நிற வேறுபாடு தெரியாதவருக்கு வெளிச்ச வேறுபாடாவது கைகொடுக்க வேண்டும். இங்கே அதுவும் இல்லை.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு–பச்சை குழப்பம் உண்டு. காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களிடம் இது மிகவும் அரிது. பெரும்பாலானவர்களுக்கு நிறமே தெரியாது என்பதில்லை. சில நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கும், அவ்வளவுதான். எனவே கேமை அழிக்காமல் தொடர்ந்து ஆடத்தான் பார்ப்பார்கள். தப்பான குமிழைச் சுட்டு, காரணம் புரியாமல் தோற்பார்கள்.

புகார் வந்ததும் பலர் செய்வது, முழுத் திரைக்கும் ஒரு ஃபில்டர் போட்டு அதற்கு ‘நிறக்குருடு மோட்’ என்று பெயர் வைப்பது. இதில் முதல் தவறு கொஞ்சம் வேடிக்கையானது. திரையின் நிறங்களை மாற்றும் சிறு நிரல்களுக்கு ஷேடர் என்று பெயர்; இணையத்தில் கிடைக்கும் பல ஷேடர்கள் பாவனை ஷேடர்கள். அதாவது, இயல்பான பார்வை உள்ளவருக்கு நிறக்குறைபாடு உள்ளவர் எப்படிப் பார்ப்பார் என்று காட்டுபவை. உருவாக்குபவர் சோதித்துப் பார்க்கத்தான் அவை. அதையே திருத்தம் என்று நினைத்து விளையாடுபவருக்குக் கொடுத்தால், அவருக்கு இருந்த கொஞ்ச வேறுபாடும் போய்விடும். கண்டுபிடிப்பது சுலபம். இயல்பான கண்ணோடு மோடைப் போடுங்கள். சிவப்பும் பச்சையும் இரண்டுமே கடுகுப் பழுப்பாக மாறினால் அது பாவனை. இரண்டும் முன்பைவிட விலகித் தெரிந்தால்தான் திருத்தம்.

சரியான திருத்த ஃபில்டராகவே இருந்தாலும் சிக்கல் தீராது. அது வானம், முகம், பட்டன் எல்லாவற்றையும் சேர்த்தே சாயம் மாற்றும். சிவப்பைப் பச்சையிடமிருந்து தள்ளும்போது வேறொன்றின் அருகில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். ஆறு நிறம் உள்ள பலகையில் அப்படி நடக்க வாய்ப்பு அதிகம். போதாததற்கு ஆண்ட்ராய்டின் Color correction, ஐபோனின் Color Filters ஆகியவற்றில் ஒன்றை விளையாடுபவர் ஏற்கெனவே போட்டிருப்பார். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் திரை அலங்கோலம்தான். அப்புறம், ஐபோனில் அந்த ஃபில்டர் ஸ்கிரீன்ஷாட்டில் பதிவாகாது. புகார் கொடுத்தவர் அனுப்பும் படத்தைப் பார்த்து “சரியாகத்தானே இருக்கிறது” என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு.

பலன் தருவது ஃபில்டர் இல்லை. விளையாட்டுக்குத் தேவையான பொருள்களின் நிறத்தை மட்டும் மாற்றி, கூடவே ஒரு வடிவத்தையும் சேர்ப்பது. நீலத்துக்கு #0072B2, மஞ்சளுக்கு #F0E442 வைத்தால் விகிதம் சுமார் 3.9:1 வரும். ஆனால் ஆறு நிறத்தையும் வெளிச்சத்தால் மட்டும் இப்படிப் பிரிக்க முடியாது. அதனால் குமிழுக்குள் குறி வேண்டும். அமாங் அஸ் கேமில் வயர் இணைக்கும் வேலைக்கு 2020இல் செய்தது இதைத்தான்: நிறத்தோடு ஒவ்வொரு வயருக்கும் ஒரு சின்னம்.

குறி வரையும்போது ஃபோனின் அளவை மறந்துவிடுகிறார்கள். 71 மி.மீ. அகலத் திரையில் வரிசைக்கு 11 குமிழ் என்றால் ஒன்று 6 மி.மீ.தான். அந்த அளவில் நட்சத்திரமும் பூவும் ஒன்றுபோலவே தெரியும். வட்டம், முக்கோணம், கூட்டல் குறி, பிறை என்று வெளிக்கோடே வேறாக இருக்க வேண்டும். வெள்ளை நிரப்பி, கருப்பு ஓரம் வைத்தால் எந்தக் குமிழின் மேலும் தெரியும். பலகையில் குறி போட்டுவிட்டு, கீழே காத்திருக்கும் ‘அடுத்த குமிழ்’ படத்தில் விட்டுவிடுவதும் வழக்கம். எந்தக் குமிழைச் சுடப்போகிறோம் என்பதே தெரியாவிட்டால் பலகையில் குறி இருந்து என்ன பயன்?

சோதிக்க, ஆண்ட்ராய்டின் Developer options பகுதியில் Simulate color space என்ற வசதி இருக்கிறது. அதில் நிறமே இல்லாத Monochromacy வைத்து ஒரு லெவல் ஆடிப் பாருங்கள். கடினமான சோதனைதான், ஆனாலும் முதல் வடிகட்டலுக்கு நல்லது. முழுத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது: சிவப்பை உணரும் செல்களில் கோளாறான புரோட்டன் வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பு இன்னும் இருண்டு தெரியும், சாம்பல் திரை அதைக் காட்டாது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எச்சரிக்கை வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செட்டிங்ஸிலும் மருத்துவப் பெயர்களை மட்டும் அடுக்காதீர்கள். தன் வகை எதுவென்று தெரியாதவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில் ஆறு குமிழ்களை வரைந்து காட்டினால், தெளிவாகத் தெரிவதை அவரே தொட்டுக்கொள்வார்.

சப்டைட்டிலில் இதே கதை வேறு விதமாக நடக்கும். பேசும் வசனத்தை மட்டும் எழுதிவிட்டு, பின்னால் வரும் காலடிச் சத்தத்தை விட்டுவிடுவார்கள். சுடும் கேமில் வசனத்தைவிட அந்தச் சத்தம்தான் உயிர். ஃபோர்ட்நைட்டில் காலடி, துப்பாக்கி, பெட்டி ஆகியவற்றின் சத்தத்தை, வரும் திசையோடு திரை நடுவே படக்குறியாகக் காட்டும் வசதி உண்டு. காது கேளாதவருக்கு மட்டுமில்லை, பேருந்தில் ஒலியை அணைத்து ஆடுபவருக்கும் அது உதவும். தமிழ் சப்டைட்டில் போடுபவர்களுக்குத் தனியாக ஒரு பொறி உண்டு. கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்ப்ரோவில் யூனிகோடு தமிழை அப்படியே ஒட்டினால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் சரியாகாது; எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கும் வேலையை டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ செய்வதில்லை என்பதே காரணம். இன்னொரு கேம் மென்பொருளான கோடோ 4 இதைத் தானே செய்துவிடும்.

ஒரு கை அமைப்பு என்ற பெயரில் பட்டன்களை வலமிருந்து இடமாகத் திருப்பி வைப்பதையும் பார்க்கலாம். அது இடது கைக்காரருக்கான வசதி. இடது கட்டைவிரலால் நகர்ந்துகொண்டே வலது விரலால் குறிபார்க்கும் கேமைத் திருப்பினாலும் இரண்டு கைதான் வேண்டும். தானாகச் சுடுவது, தொட்டால் ஓட ஆரம்பித்து மறுபடி தொட்டால் நிற்பது என்று ஒரு நேரத்தில் ஒரு விரல் போதும்படி மாற்றினால்தான் அது ஒரு கை அமைப்பு.

ஒரு கையால் ஆடுபவர்களிலும் இரண்டு வகை. ஒருவர் ஃபோனை அதே கையில் பிடித்துக் கட்டைவிரலால் ஆடுவார். அவருக்குத் திரையின் மேல் மூலை எட்டாது. இன்னொருவர் ஃபோனை மேசை ஸ்டாண்டில் வைத்து ஆள்காட்டி விரலால் ஆடுவார். அவருக்கு மூலை பிரச்சினையில்லை, ஆனால் ஃபோனைச் சாய்த்துக் குறிபார்க்கும் கைரோ உதவாது. ஒரே ஒரு அமைப்பை வைத்து இருவரையும் சமாளிக்கப் பார்ப்பதைவிட, பட்டன்களை அவரவரே நகர்த்திக்கொள்ள விடலாம். பெரிய கேம்களில் இந்த வசதி இருக்கிறது. உங்கள் கேமிலும் வைத்தால், பட்டனின் அளவை மாற்ற இரண்டு விரலால் விரிக்கச் சொல்லாதீர்கள். ஒரு கைக்காரர் அந்தத் திரையிலேயே மாட்டிக்கொள்வார். பக்கத்தில் ஒரு ஸ்லைடர் போதும்.