கேமரா முன் நாக்குத் தடுமாறுகிறதா? டாக்டர்களும் வக்கீல்களும் செய்யும் தவறுகள்

பெங்களூரு அல்சூரில் ஒரு குழந்தைகள் நல டாக்டர். மாலை முழுக்கத் தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிப் பேசுகிறவர், அழுகிற குழந்தையின் அம்மாவையும் இரண்டு நிமிடத்தில் சமாதானம் செய்துவிடுவார். அவருடைய முதல் வீடியோவை எடுக்க நான் போனபோது, இரண்டு நிமிடப் பேச்சுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவும் பயன்படவில்லை.

காரணம் கூச்சம் என்று அவர் நினைத்தார். எனக்கு அவர் கையில் இருந்த தாள்தான் காரணம் என்று பட்டது. "பச்சிளங்குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏற்படும்பொழுது பெற்றோர்கள் கவனத்தில் கொள்ள வேண்டியவை" என்று அதில் எழுதி மனப்பாடம் செய்திருந்தார். ஒவ்வொரு முறையும் 'ஏற்படும்பொழுது' என்ற இடத்தில் நாக்கு சிக்கியது. வாழ்நாளில் எந்த அம்மாவிடமும் அவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. எழுத்துத் தமிழில் எழுதிவைத்துப் பேச்சாக ஒப்பிப்பதுதான் தமிழில் வீடியோ போடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. எழுதுகிற தமிழுக்கும் பேசுகிற தமிழுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை வாய் அந்த நேரத்தில் கடக்க முடியாது.

அடுத்த வாரம் தாளை வாங்கி வைத்துவிட்டேன். கிளினிக் நர்ஸை கேமராவுக்குப் பின்னால், லென்ஸை ஒட்டியே தலை தெரியும்படி உட்காரவைத்து, ஒரு அம்மா மாதிரி கேட்கச் சொன்னேன்.

"டாக்டர், பாப்பாவுக்கு ரெண்டு மாசம். நேத்து ராத்திரிலேர்ந்து காய்ச்சல்."

"ரெண்டு மாசமா? அப்போ வீட்ல வெச்சுப் பாக்கவே கூடாதும்மா. மூணு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே உடனே டாக்டர்கிட்ட காட்டிடணும்."

ஒரே டேக்கில் முடிந்தது. நர்ஸின் கேள்வியை வெட்டிவிட்டு, அதையே திரையில் எழுத்தாகப் போட்டோம். நீங்கள் தாளில் எழுத வேண்டியது அந்தக் கேள்வி, அப்புறம் மறக்கக் கூடாத எண் அல்லது பெயர், அவ்வளவுதான். கேள்விக்காக மண்டையை உடைக்க வேண்டாம். அன்றைக்கு மூன்று பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தால் அதுதான் அடுத்த வீடியோ.

இரண்டாவது தவறு, செல்ஃபி கேமராவைத் திருப்பி, தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசுவது. கண் லென்ஸில் இல்லாமல் திரையில் இருக்கும், பார்க்கிறவருக்கு நீங்கள் வேறு யாரையோ பார்ப்பதுபோல் தோன்றும். போன் பக்கத்தில் இருக்க இருக்க அது இன்னும் துலக்கமாகத் தெரியும், மூக்கும் பெரிதாகத் தெரியும். பின்பக்க கேமராவைக் கண் உயரத்தில், ஐந்தடி தள்ளி வையுங்கள். அவ்வளவு தூரத்திலிருந்து போனின் மைக் ஃபேன் சத்தத்தையும் தெரு ஹாரனையும் சேர்த்தே பிடிக்கும், அதனால் சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக் அவசியம்.

எடுத்ததைப் போட்டுப் பார்த்ததும் "ஐயோ, முகம் கோணலா இருக்கே, குரலும் என்னுது மாதிரி இல்லையே" என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இத்தனை வருடம் நீங்கள் பார்த்தது கண்ணாடியில் இடவலம் மாறிய முகம். கேட்டது, மண்டை எலும்பு வழியாகவும் வந்து கொஞ்சம் கனத்த குரல். வீடியோவில் இருப்பதைத்தான் உங்கள் நோயாளிகள் இத்தனை நாளும் பார்த்தும் கேட்டும் வருகிறார்கள். அவர்களுக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியாது.

தடுமாறினால் முதலிலிருந்து ஆரம்பிப்பதும் தவறுதான். ஒவ்வொரு முறை திரும்பத் தொடங்கும்போதும் பதற்றம் கூடுகிறது, குரல் செத்துப்போகிறது. கேமரா ஓடட்டும். இரண்டு மூச்சு அமைதியாக இருந்துவிட்டு, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பச் சொல்லுங்கள். எடிட் செய்கிறவருக்கு அந்த அமைதி ஒலிக்கோட்டில் பள்ளமாகத் தெரியும், வெட்டுவது சுலபம். வெட்டிய இடத்தில் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் துள்ளல் தெரியாது.

வாரம் ஒரு வீடியோ என்று வாராவாரம் உட்கார்ந்தால், ஒவ்வொரு வாரமும் கூச்சத்தைப் புதிதாகத் தாண்ட வேண்டியிருக்கும். ஞாயிறு காலை ஒரே உட்காரலில் நான்கு எடுங்கள். மூன்றாவதில் உடம்பின் விறைப்பு போய்விடும், அப்போது முதலாவதை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

வக்கீல்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்திய பார் கவுன்சில் விதி 36 வக்கீல் விளம்பரம் செய்வதையும் வழக்குக் கேட்டுப் போவதையும் தடுக்கிறது. 'வீட்டு அட்வான்ஸைத் திருப்பித் தராவிட்டால் என்ன செய்வது' என்று சட்டத்தை மட்டும் விளக்குவது வேறு. கடைசியில் "என்னை அணுகுங்கள்" என்று போன் நம்பரோடு முடிப்பது வேறு. தான் நடத்தும் வழக்கைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது. நான் படமெடுத்த வக்கீல்களில் பெரும்பாலோர் நெளிந்தது அந்தக் கடைசி வரியில்தான். பதில் முடிந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்னதும் அவர்கள் தோள் இறங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.