எல்சி டேங்க் சர்க்யூட்: அலைக்காட்டியில் க்யூ-வை அளந்து பார்ப்போம்

ஒரு காயில், அதற்கு இணையாக ஒரு கெபாசிட்டர், அவ்வளவுதான் டேங்க் சர்க்யூட். இதற்கு 100 மைக்ரோஹென்றி ஃபெரைட் காயிலும் 220 பிக்கோஃபாரட் கெபாசிட்டரும் எடுத்துக்கொள்வோம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு கணத்தில் நிறுத்திப் பாருங்கள். கெபாசிட்டர் முழுதாக சார்ஜ் ஆகியிருக்கிறது, அது காயில் வழியாக இறங்கத் தொடங்குகிறது, அதன் மின்னழுத்தம் பூஜ்யத்தைத் தொடும்போது காயிலில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைக் காயில் சட்டென்று நிற்க விடாது, அதனால் அது தொடர்ந்து ஓடி கெபாசிட்டரை எதிர்த்திசையில் சார்ஜ் செய்துவிடுகிறது. அப்புறம் எல்லாம் திரும்பி நடக்கும். இந்தப் போக்குவரத்தின் வேகம்தான் ஒத்ததிர்வு அதிர்வெண்:

```
f = 1 / (2π√(LC))
```

நம் மதிப்புகளைப் போட்டால் 1073 கிலோஹெர்ட்ஸ் வரும். அளந்தால் அது வராது, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இணைப்பது

காயில், கெபாசிட்டர் இரண்டின் கீழ்முனையும் கிரவுண்டுக்கு. சிக்னல் ஜெனரேட்டரை மேல்முனையில் நேரடியாக வைக்காதீர்கள். அதன் 50 ஓம் மின்தடை டேங்கோடு இணையாக உட்கார்ந்து ஒத்ததிர்வையே அமுக்கிவிடும். நடுவில் 2.2 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வையுங்கள். அலைக்காட்டியின் ப்ரோப் 10X நிலையில் இருக்கட்டும்.

அந்த ப்ரோப்பும் சுமார் 12 பிக்கோஃபாரட் சேர்க்கிறது. ஜெனரேட்டர் பக்கக் கெபாசிட்டரையும் கூட்டினால் மொத்தம் 234, ஆக உச்சம் 1040 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். 1X-இல் வைத்தால் ப்ரோப் மட்டுமே 100 பிக்கோஃபாரட் அளவுக்கு ஏற்றிவிடும், உச்சம் வெகுவாகக் கீழே போய்விடும், புதிதாகச் செய்பவர்கள் காயில் தவறு என்று அதைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். டேங்கைத் தொடுகிற எதுவும் டேங்கின் பகுதிதான்.

அளப்பது

2 வோல்ட் (உச்சிக்கு உச்சி) சைன் அலை கொடுத்து அதிர்வெண்ணை மெதுவாக நகர்த்துங்கள். அலை திடீரென்று வளர்ந்து ஏறக்குறைய 1.9 வோல்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 0.707-ஆல் பெருக்கினால் 1.34. இப்போது இருபுறமும் நகர்த்தி, அலை 1.34-க்கு இறங்கும் இரண்டு அதிர்வெண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே 1034.8, மேலே 1045.2 என்று கிடைத்தால் இடைவெளி 10.4 கிலோஹெர்ட்ஸ். இதுதான் பட்டை அகலம். 1040-ஐ 10.4-ஆல் வகுத்தால் 100, அதுதான் தரக்காரணி, அதாவது க்யூ.

இந்த 100 எங்கிருந்து வந்தது? இந்த அதிர்வெண்ணில் காயிலின் எதிர்வினைப்பு சுமார் 653 ஓம், க்யூ 100 என்றால் இழப்புக்கான தொடர்மின்தடை 6.5 ஓம். ஆனால் மல்டிமீட்டர் அதே காயிலுக்கு 1 ஓம்தான் காட்டலாம்! அதை நம்பிக் கணக்குப் போட்டால் க்யூ 650 என்று வரும். உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்போடு ஒதுங்குவதும், ஃபெரைட்டில் ஏற்படும் இழப்பும் மீட்டருக்குத் தெரியாது. அளந்து பார்ப்பதைத் தவிர நம்பகமான வழி இல்லை.

கெடுத்துப் பாருங்கள்

இப்போது டேங்குக்கு இணையாக 10 கிலோஓம் மின்தடை ஒன்றை வையுங்கள். டேங்க் தனியாக இருந்தபோது அதன் இணை மின்தடை சுமார் 65 கிலோஓம். இப்போது இரண்டும் சேர்ந்து 8.7 கிலோஓம். க்யூ 13-க்கு விழும், பட்டை அகலம் 78 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். உச்சம் இடம் மாறாது, ஆனால் உயரம் குறைந்து தட்டையாகிவிடும்.

தேர்திறன் என்பதன் பொருள் இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த டேங்க் ஒரு வானொலியில் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கிறது, உச்சத்திலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு நிலையம் இருக்கிறது என்று வையுங்கள். க்யூ 100-இல் அதன் சிக்னல் உச்சத்தின் கால்பங்காகச் சுருங்கிவிடும், 13-இலோ 89 விழுக்காடு அப்படியே நுழையும், இரண்டு நிலையங்களும் ஒன்றோடொன்று கலந்து கேட்கும். டிரான்சிஸ்டரின் பேஸை டேங்கின் மேல்முனையில் நேரடியாகக் கட்டினாலும் இதே கதைதான். அதனால்தான் காயிலின் நடுவில் டேப் எடுத்தோ, சில சுற்றுகள் மட்டும் உள்ள தனிச் சுருளிலிருந்தோ சிக்னலை எடுக்கிறார்கள்.

அதற்காக க்யூ-வை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. 300 ஆனால் பட்டை அகலம் 3.5 கிலோஹெர்ட்ஸ்தான், மைய அதிர்வெண்ணிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் ஒலியின் பக்கப்பட்டைகள் மூன்றில் ஒரு பங்காகிவிடும், பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகக் கேட்கும். நடுத்தர அலை ஏஎம்-க்கு ஒற்றை டேங்கில் 100 பக்கம் நிற்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.