ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய்த் தண்ணீர்: தாங்கி வாங்க முதல் பார்க்க வேண்டிய கணக்கு

யாழ்ப்பாண நகரின் கரையோர ஒழுங்கை ஒன்றில் என் பெரியம்மா வீடு. கிணறு உண்டு, ஆனால் தண்ணீர் உவர். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் குழாயைத்தான் நம்பியிருக்கிறார்கள். அது ஒருநாள் விட்டு ஒருநாள், விடிய ஐந்தரை போலத் திறந்து ஏழு மணிக்கு நின்றுவிடும். வீட்டில் ஐந்து பேர். போன வருடம் ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்று வாங்கி, கொங்கிறீற் தூண் எழுப்பி அதன்மேல் வைத்தார்கள். ஒருநாளும் அது நிரம்பவில்லை. குழாய் வேலை செய்யும் அண்ணர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "தாங்கி பெரிசெண்டாப்போலை தண்ணி கூட வருமே, அக்கா?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, எதை எந்த வரிசையில் அளந்தால் தாங்கி பயன்படும் என்பதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் நேரம் வைத்து விடுகிறார்கள்?

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. நகரக் குழாய்களுக்கு நெடுங்காலமாகத் தண்ணீர் கொடுத்தவை திருநெல்வேலி, கோண்டாவில் பக்கத்துக் கிணறுகள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது, அதனால்தான் மேலே நிற்கிறது. ஏட்டுக் கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நல்ல தண்ணீர் இருந்தால் கீழே 40 மீற்றர் வரை அது உப்பை அழுத்தி வைக்கும். கோடையில் ஓயாமல் இறைத்து மேல்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் இறக்கினால், உப்பின் எல்லை காலப்போக்கில் 4 மீற்றர் மேலே வரப் பார்க்கும். கல்லில் வெடிப்பும் பொந்தும் உள்ள அசல் நிலத்தில் இது இவ்வளவு ஒழுங்காக நடக்காது, ஆனால் திசை இதுதான். ஆகவே இறைக்கும் கிணற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரணம் குழாய்க்குள் இருக்கிறது. கையிலுள்ள தண்ணீர் தேவையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வால்வுகளையும் திறந்துவிட்டால் நீர்த் தாங்கிக் கோபுரத்துக்குக் கிட்ட உள்ளவர்கள் நிறைத்துக்கொள்வார்கள், கடைசி ஒழுங்கைக்குச் சொட்டும் வராது. பகுதி பகுதியாக வால்வைத் திறந்தால், திறந்திருக்கும் நேரத்துக்காவது கடைசி வீடு வரை அழுத்தம் போய்ச் சேரும். முறை வைப்பதன் நோக்கம் அதுதான்.

2024 ஆகஸ்ட்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. ஆனால் ஒரு வீட்டுக் குழாய்க்கு எப்போது, எவ்வளவு வரும் என்பதை அந்த ஒழுங்கையின் குழாய்தான் சொல்லும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: இரண்டு கிழமை நேரம் குறியுங்கள்

ஒரு கொப்பி போதும். தண்ணீர் வரும் நாள், குழாய் இரையத் தொடங்கிய நேரம், தெளிந்த தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். முதலில் வரும் இரைச்சல் காற்று. காலியாகக் கிடந்த குழாயில் தண்ணீர் ஏறும்போது அது வெளியே தள்ளப்படுகிறது. அதன் பின்னால் சில நிமிடம் கலங்கலாக வரும். அழுத்தம் இல்லாத நேரத்தில் குழாயின் ஒழுக்குகள் வழியாக வெளிமண்ணும் ஊத்தைத் தண்ணீரும் உள்ளே போயிருக்கலாம். ஆகவே அந்த முதல் தண்ணீரைத் தாங்கிக்கு விட வேண்டாம். வாளியில் பிடித்துக் கழிவறைக்கு வைத்தால் அதுவும் வீணாகாது.

பெரியம்மா வீட்டில் தெளிந்த தண்ணீர் சராசரியாக 90 நிமிடம் வந்தது.

படி 2: வாளியும் மணிக்கூடும்

10 லீற்றர் வாளி நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். ஒரு தடவை பார்த்தால் போதாது. தொடக்கத்தில், நடுவில், முடிவுக்குக் கிட்ட என்று மூன்று தடவை பாருங்கள். அயல் எல்லாம் பிடிக்கும் நேரத்தில் வேகம் விழும். முற்றத்துக் குழாயில் எங்களுக்குச் சராசரி 75 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 8 லீற்றர். 90 நிமிடத்துக்கு 720 லீற்றர். பெரியம்மாவுக்கு அன்று பெரிய சந்தோஷம். ஆனால் அது நிலத்தோடு ஒட்டிய குழாயில் வந்த கணக்கு.

படி 3: எந்த உயரம் வரை ஏறுகிறது?

பலர் தவறவிடுவது இந்தப் படிதான், எனவே ஆறுதலாகச் செய்யுங்கள். தண்ணீர் வரும் நேரத்தில் குழாயில் ஒரு ஹோஸ் மாட்டி, அதன் நுனியைச் சுவரோடு மெல்ல மெல்ல உயர்த்துங்கள். எந்த உயரத்தில் தண்ணீர் வடிவது நிற்கிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே எந்தத் தாங்கியை வைத்தாலும் அது தானாக நிரம்பாது.

எங்கள் கோடு நிலத்திலிருந்து 2 மீற்றரில் விழுந்தது. தூணின்மேல் இருந்த தாங்கியின் வாய் அதைவிட எவ்வளவோ உயரம். அது நிரம்பாததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. தாங்கியை இறக்கிச் சீமெந்து மேடையில் வைத்தோம். வாய் இப்போது ஏறத்தாழ 1.4 மீற்றரில். கோட்டுக்குக் கீழேதான், ஆனால் அந்த உயரத்தில் ஹோஸைப் பிடித்து வாளியை மறுபடி நிறைத்தபோது 100 விநாடி எடுத்தது. நிமிடத்துக்கு 6 லீற்றர். அப்படியானால் 90 நிமிடத்துக்கு 540 லீற்றர்தான். தாங்கியின் வாய் இருக்கும் உயரத்தில் அளந்த வேகத்தைத்தான் நம்ப வேண்டும்.

தெருக் குழாயில் நேராக மோட்டரைப் பூட்டி இழுத்தால் என்ன என்று கேட்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், விதிப்படியும் அது கூடாது. மோட்டர் உறிஞ்சும்போது ஒழுக்குள்ள இடமெல்லாம் வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கும், பக்கத்து வீட்டுக் குழாய் வற்றும். மேலே ஒரு தாங்கி வேண்டுமென்றால், கீழ்த் தாங்கியைத் தெருக் குழாயால் நிரப்பி, அந்தக் கீழ்த் தாங்கியிலிருந்து மோட்டரால் ஏற்றலாம்.

படி 4: செலவைக் கூட்டுங்கள்

பெரியம்மா வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லீற்றர், பாத்திரம் கழுவ 40, ஐந்து பேர் வாளியில் குளிக்க 150, உடுப்புத் தோய்க்கச் சராசரி 50. மொத்தம் 290. கழிவறைக்கும் நிலம் கழுவவும் கிணற்றுத் தண்ணீர், அதனால் அவை இந்தக் கணக்கில் இல்லை. அடுத்த முறை வரும்வரை இரண்டு நாளுக்கு 580 லீற்றர் வேண்டும். வரவு 540.

இங்கேதான் நேரத்தைப் பிரிக்கும் வேலை வருகிறது. வீட்டில் 200 லீற்றர் பரல் ஒன்று இருந்தது. முற்றத்துக் குழாயை அதற்குள் விட்டால் நிமிடத்துக்கு 8 லீற்றர்படி 25 நிமிடத்தில் நிறைகிறது. மிச்ச 65 நிமிடமும் தாங்கிக்கு, 6 லீற்றர்படி 390. மொத்தம் 590. இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால் தாழ்ந்த குழாய் எடுத்துக்கொள்ள, தாங்கிக்கு ஏறுவது குறைந்துவிடும். எனவே ஒன்றன்பின் ஒன்றாக.

சரி, 590 வந்தது, 580 செலவு. ஒரு முறை தவறினால்? 10 லீற்றர் மிச்சத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் உடுப்பில் கை வைத்தோம். உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, கடைசி அலசல் அதில் செய்தால் துணி விறைக்கும். எனவே சவர்க்காரம் போடுவதும் கடைசி அலசலும் குழாய்த் தண்ணீரில், நடு அலசல்கள் மட்டும் கிணற்றுத் தண்ணீரில். நாளுக்கு 30 லீற்றர் மிஞ்சியது. இரண்டு நாள் செலவு 520 ஆனது, ஒவ்வொரு முறையும் 70 லீற்றர் கையிருப்பில் சேர்கிறது.

ஒரு முழு முறை தவறினாலும் தாங்க வேண்டுமென்றால் 520 லீற்றர் கையிருப்பு வேண்டும். 70, 70 ஆகச் சேர்த்தால் அதற்கு 8 முறை, அதாவது 16 நாள் எடுக்கும். மொத்தக் கொள்ளளவு 520 உடன் 520, ஆக 1,040 லீற்றர். தாங்கியும் பரலும் சேர்ந்து 1,200, போதும். இதைவிடப் பெரிய தாங்கிக்குக் காசு போட்டிருந்தால் வெறும் காற்றைத்தான் சேமித்திருப்போம்.

படி 5: சேர்த்த தண்ணீரைக் காப்பது

நீர் வழங்கல் சபை போடும் குளோரின் நாள் போகப் போகக் குறைந்துவிடும். தாங்கித் தண்ணீரைக் குடிப்பதானால் கொதிக்க வைத்து ஆற்றுங்கள். அது கிருமிக்குச் சரி, உப்புக்கும் நைத்திரேற்றுக்கும் சரிவராது. வலிகாமத்துத் தோட்டப் பக்கக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் சேர்ந்த நைத்திரேற்று இருக்கிறது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றி அது செறியும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்க அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுக்க வேண்டாம்.

பரல்தான் ஆபத்தான இடம். டெங்கு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பரலின் உட்சுவரில் முட்டை ஒட்டும். தண்ணீரை ஊற்றிவிட்டுக் காயவைத்தாலும் அந்த முட்டை மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். முட்டை நுளம்பாக ஒரு கிழமையோ சற்றுக் கூடவோ எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை, தண்ணீர் வரும் நாளுக்கு முதல்நாள் இரவு பரலைத் தீர்த்துவிட்டு, தும்பு பிரஷால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தாங்கியின் வழிவுக் குழாய் வாய்க்கு நுளம்பு வலை கட்ட மறக்க வேண்டாம், மூடியைப் பார்த்துப் பார்த்து மூடுபவர்கள்கூட அந்த ஓட்டையை விட்டுவிடுகிறார்கள்.

கொப்பியை மூடி வைக்காதீர்கள். கோடை முற்றும்போது வாளி நிறையும் நேரம் 75 விநாடியிலிருந்து மெல்ல ஏறும். தாங்கியின் வாயிலும் நிமிடத்துக்கு அதே அளவு லீற்றர் குறையும் என்று வைத்தால், எங்கள் வீட்டில் அது 84 விநாடியைத் தாண்டும்போது ஒரு முறையில் வருவது 520ஐ எட்டாது, கையிருப்பு கரையத் தொடங்கும். அந்த எண்ணைப் பெரியம்மா குசினிக் கலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார். வாளி அதைத் தாண்டிய அன்றைக்கே குளியல் வாளிகளில் ஒன்று குறையும். அயலில் எல்லாருக்கும் வந்து எங்களுக்கு மட்டும் வேகம் விழுந்திருந்தால், அது மீற்றருக்குப் பக்கத்து ஒழுக்காகவோ அடைப்பாகவோ இருக்கலாம். அப்போது நீர் வழங்கல் சபையின் 1939 எண்ணுக்கு அழைத்து, கொப்பியில் உள்ள திகதிகளையும் விநாடிகளையும் வாசித்துக் காட்டுங்கள்.