மார்ச் 31 அன்று மிஞ்சிய சரக்கை என்ன விலைக்கு எழுதுவது? ஒரு ஃபேன் கடைக் கணக்கு

நிறுவனத் தொடர்ச்சி, முன்னெச்சரிக்கை, நிலைத்தன்மை என்று கணக்கியலில் மூன்று கோட்பாடுகள். மூன்றுக்கும் வரையறை கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பவர்கள்கூட, குடோனில் கிடக்கும் சரக்கைக் காட்டி இதை என்ன தொகைக்கு எழுதலாம் என்று கேட்டால் கொஞ்சம் தயங்குவார்கள். மூன்றும் உண்மையில் வேலை செய்கிற இடம் அதுதான். அதனால் ஒரே ஒரு கடையை எடுத்துக்கொண்டு, ஆண்டு முடிவுக் கணக்கை வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

நம் கடை சீலிங் ஃபேன் விற்கிறது, ஒரே மாடல். இதுதான் முதல் வருஷம். ஏப்ரலில் 100 ஃபேன், ஒன்று 1,500 ரூபாய்க்கு வாங்கினார்கள். ஜனவரியில் விலை ஏறிவிட்டது, இன்னொரு 100 ஃபேனை 1,800 ரூபாய்க்கு வாங்கினார்கள். மொத்தக் கொள்முதல் 3,30,000. வருஷம் முழுக்க 150 ஃபேன், ஒன்று 2,300 வீதம் விற்று 3,45,000 வந்தது. மிச்சம் 50. வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

முதல் படி: கடை தொடர்ந்து நடக்குமா?

பேனாவை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. கடையில் 2,00,000 ரூபாய்க்கு அலமாரி, கண்ணாடி, விளக்கு எல்லாம் போட்டிருக்கிறார்கள். பத்து வருஷம் வரும் என்று வைத்து ஒரு வருஷத் தேய்மானம் 20,000 கழித்து, இருப்பு நிலைக் குறிப்பில் 1,80,000 என்று எழுதுகிறோம். இதே அலமாரியை இன்று கழற்றி விற்றால் 40,000 தேறினாலே பெரிய விஷயம். பிறகு எந்தத் தைரியத்தில் 1,80,000 எழுதுகிறோம்? இன்னும் ஒன்பது வருஷம் இதே கடையில் இருந்து உழைக்கும் என்ற அனுமானத்தில்தான், நிறுவனத் தொடர்ச்சி என்பது இதுதான். கடை ஜூன் மாதத்தோடு மூடப்போகிறது என்று தெரிந்தால் அந்த அனுமானம் விழுந்துவிடும், அலமாரிக்கும் ஃபேனுக்கும் அவசரத்தில் விற்றால் என்ன கிடைக்குமோ அந்தத் தொகையை நோக்கிப் போக வேண்டியிருக்கும்.

குறைந்தது அடுத்த 12 மாதத்தையாவது பார்க்க வேண்டும். வங்கித் தவணை தொடர்ந்து தவறுகிறதா, கடனுக்குச் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரி திடீரென்று ரொக்கம் வைத்தால்தான் அனுப்புவேன் என்கிறாரா, இடத்தின் குத்தகை முடிந்து புதுப்பிக்க மறுக்கிறார்களா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். ஒரு வருஷ நட்டம் மட்டும் கடை மூடுவதற்கு அறிகுறி ஆகாது. நம் கடைக்கு இப்படி எதுவும் இல்லை, மேலே போவோம்.

இரண்டாம் படி: எந்த முறை?

மிஞ்சிய 50 ஃபேன் எந்த விலைக்கு வாங்கியவை? பெட்டிகள் கலந்துவிட்டன. முதலில் வந்தது முதலில் போனது என்று வைத்தால் (ஃபிஃபோ) மிச்சம் இருப்பதெல்லாம் ஜனவரிச் சரக்கு. சராசரி முறை என்றால் 3,30,000-ஐ 200-ஆல் வகுத்து ஒரு ஃபேன் 1,650.

```
ஃபிஃபோ  : இறுதிச் சரக்கிருப்பு 50 × 1,800 = 90,000
           மொத்த இலாபம் = 3,45,000 − (3,30,000 − 90,000) = 1,05,000

சராசரி   : இறுதிச் சரக்கிருப்பு 50 × 1,650 = 82,500
           மொத்த இலாபம் = 3,45,000 − (3,30,000 − 82,500) = 97,500
```

ஒரு ஃபேன்கூட அதிகம் விற்கவில்லை, இலாபம் மட்டும் 7,500 கூடுகிறது. இரண்டு முறையையும் இந்தியாவின் ஏ.எஸ். 2 என்ற கணக்கியல் தரநிலை ஏற்றுக்கொள்கிறது, கடைசியில் வந்ததை முதலில் விற்றதாக எழுதும் முறையை ஏற்பதில்லை. நம் கடை ஃபிஃபோவை எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் படி: முன்னெச்சரிக்கை, ஆனால் எவ்வளவு?

குடோனில் குழாய் உடைந்து 10 ஃபேன் நனைந்துவிட்டது. சரிசெய்ய ஒன்றுக்கு 100 ஆகும், அப்புறமும் 1,500-க்கு மேல் யாரும் தரமாட்டார்கள். ஆக விற்றால் கையில் நிற்பது 1,400, வாங்கியது 1,800. இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். பத்து ஃபேனுக்கும் 400 வீதம் 4,000 குறைகிறது, சரக்கிருப்பு 86,000, மொத்த இலாபம் 1,01,000. மீதி 40 ஃபேன் 2,300-க்கு விற்கும் என்று நன்றாகத் தெரிந்தாலும் அந்த இலாபத்தை இப்போதே எழுதக் கூடாது. விற்கட்டும், அப்போது வரும்.

இங்கே பலர் சறுக்குவது எப்படியென்றால், 50 ஃபேனையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்ப்பார்கள்: விற்றால் 92,000-மும் 14,000-மும் சேர்ந்து 1,06,000 வரும், வாங்கியது 90,000தானே, எதையும் குறைக்க வேண்டாம் என்று. நல்ல ஃபேனில் இனிமேல் வரப்போகும் இலாபத்தைக் காட்டி, கெட்ட ஃபேனில் ஏற்கெனவே வந்துவிட்ட நட்டத்தை மறைக்கிற வேலை இது. அதனால் நனைந்ததைத் தனியாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது எதிர்ப்பக்கத் தவறு, எனக்கு இதுதான் அதிகம் கவலை தருவது. "எதற்கு வம்பு, எல்லா ஃபேனையும் 1,000 என்று எழுதிவிடுவோம், முன்னெச்சரிக்கைதானே" என்கிறார் முதலாளி. சரக்கிருப்பு 50,000 ஆகிறது, இலாபம் 65,000-க்கு இறங்குகிறது. ஆனால் இந்த வருஷ இறுதிச் சரக்கிருப்புதான் அடுத்த வருஷத் தொடக்கச் சரக்கிருப்பு. இங்கே அமுக்கிய 36,000 அந்த ஃபேன்கள் விற்கும்போது அடுத்த வருஷ இலாபத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வருஷம் வியாபாரம் படுத்திருந்தாலும் கணக்கு ஜோராகத் தெரியும்.

பெரிய நிறுவனங்களிலும் இதே சங்கதிதான். ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் 1993-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிட்டபோது, அமெரிக்க விதிப்படியும் கணக்கு காட்ட வேண்டி வந்தது. ஜெர்மன் விதிப்படி அந்த ஆண்டு 61.5 கோடி மார்க் இலாபம், அமெரிக்க விதிப்படி சுமார் 184 கோடி மார்க் நட்டம். நல்ல காலத்தில் முன்னெச்சரிக்கை என்று சேர்த்து வைத்த ஒதுக்கீடுகளைக் கெட்ட காலத்தில் எடுத்துவிட ஜெர்மன் விதியில் இடம் இருந்ததுதான் பெரிய காரணங்களில் ஒன்று. முதலாளி எவ்வளவு பயப்படலாம் என்பதை அவர் மனநிலைக்கு விடாமல், "வாங்கிய விலை அல்லது விற்றால் நிற்கும் தொகை, எது குறைவோ" என்று தரநிலை ஒரு கோடு போட்டுக் கொடுப்பது இதற்காகத்தான்.

நான்காம் படி: போன வருஷக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள்

அடுத்த மார்ச்சிலும் ஃபிஃபோதான், நிலைத்தன்மை என்பது இதுதான். இடையில் வங்கிக் கடன் கேட்கப் போகிறோம், இலாபம் கூடத் தெரிந்தால் நல்லது என்பது முறையை மாற்றக் காரணம் ஆகாது. ஏ.எஸ். 5 மூன்று காரணங்களைத்தான் ஏற்கிறது: சட்டம் கேட்டால், தரநிலை கேட்டால், அல்லது புது முறை கணக்கை இன்னும் பொருத்தமாகக் காட்டினால். மாற்றினால், அதனால் இலாபம் எத்தனை ரூபாய் கூடியது, குறைந்தது என்றும் எழுத வேண்டும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நனைந்த ஃபேன் 1,400 அல்ல, 1,600 தேறும் என்று பின்னால் தெரிந்தால் அது மதிப்பீடு மாறியது, முறை மாறியது அல்ல. அலமாரி பத்து வருஷம் வராது, எட்டுதான் என்று தெரிவதும் அப்படியே. புதுத் தகவல் வந்தால் மதிப்பீட்டை மாற்றத்தான் வேண்டும், நிலைத்தன்மை அதைத் தடுக்காது.

ஐந்தாம் படி: குறிப்பில் எழுதுங்கள்

கணக்கின் அடியில் இவ்வளவு போதும்:

"சரக்கிருப்பு, ஃபிஃபோ முறையில் கணக்கிட்ட வாங்கிய விலை, விற்றால் நிற்கும் நிகரத் தொகை ஆகிய இரண்டில் குறைவான தொகையில் காட்டப்பட்டுள்ளது. தண்ணீரில் சேதமடைந்த 10 ஃபேன்களுக்காக 4,000 ரூபாய் குறைக்கப்பட்டுள்ளது."

கடை தொடர்ந்து நடக்கும் என்பதையும், முறை மாறவில்லை என்பதையும் தனியாக எழுத வேண்டியதில்லை. ஏ.எஸ். 1-இன்படி படிப்பவர் அவற்றை இருப்பதாகவே எடுத்துக்கொள்வார், இல்லாமல் போனால்தான் சொல்ல வேண்டும். அதனால் ஒரு கணக்கை வாசிக்கும்போது இந்த இரண்டைப் பற்றி ஏதாவது ஒரு வரி கண்ணில் பட்டால், இலாபத் தொகையைப் பார்க்கும் முன் அந்த வரியைப் படியுங்கள்.